ராச்சாப்பாடா, செங்கலா, மாத்திரையா: விடியலில் ஏறும் மஞ்சள் கசப்புக்கு எதை முதலில் செய்வது?

முக்கூடல் பக்கத்து ஊர்களில் விடிகிற நேரத்தில் தெருவில் நடந்தால் கோயில் மணிக்கு முந்தியே ஒரு சத்தம் காதில் விழும். யாராவது குழாயடியில் குனிந்து, இரண்டு விரலை நாக்கின் அடிவரை விட்டு ஓங்கரிப்பார்கள். கொஞ்சம் மஞ்சளாக வெளியே வரும். "பித்தம் எடுத்தாச்சு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டங்காப்பி குடிக்கப் போவார்கள். என் மைனியும் அப்படித்தான் வருஷக்கணக்காகச் செய்துவந்தார். ஒருநாள் விரலே போடாமல், படுக்கையிலிருந்து எழுந்ததுமே தொண்டைக்குக் கசப்புத் தண்ணீர் ஏறி வந்தபிறகுதான் பயந்துபோய் எனக்குப் போன் போட்டார்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எண்டோஸ்கோப்பி அறையில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். டாக்டர் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் வந்தவர்களின் இரைப்பைக்குள் என்ன இருக்கும் என்பதைத் திரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். குழாய் உள்ளே போனதும் இரைப்பையின் அடியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு சின்னக் குட்டை தெரியும். நோய் எதுவும் இல்லாதவர்களிடமும் அது தெரிவதுண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிதாகப் புரியும்.

மைனியிடம் முதலில் ஒரு வெள்ளைப் பீங்கான் கப்பில் துப்பிப் பார்க்கச் சொன்னேன். மருந்து வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. நிறமில்லாமல் தண்ணீர் போல இருந்து, நாக்கில் புளித்து, பல் கூசினால் அது இரைப்பை அமிலம். தெளிந்த மஞ்சளாக இருந்து, வேப்பங்கொழுந்தைக் கடித்தது மாதிரி கசந்தால் அதில் பித்தநீர் கலந்திருக்கிறது. இழை இழையாக ஒட்டிக்கொண்டு, கசப்பே இல்லாமல் இருமலோடு வந்தால் அது சளி. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராத்திரி மஞ்சள் பால் குடித்தவர்களும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவர்களும் மஞ்சளைப் பார்த்து ஏமாறக்கூடும், அதனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மைனியின் கப்பில் இரண்டு ஸ்பூன் அளவு, நல்லெண்ணெய் நிறத்தில், மேலே கொஞ்சம் நுரையோடு இருந்தது. நுனி நாக்கில் பட்டதுமே முகம் சுளித்தார்.

"பித்தம் கூடிட்டுன்னு சொல்லுதாவளே, அதானா?" என்று கேட்டார்.

கூடவில்லை. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீர் சுரக்கிறது. சாப்பிடாத நேரத்தில் அதில் பெரும்பகுதி பித்தப்பையில் போய்த் தங்கி, தண்ணீர் வற்றிக் கெட்டியாகும். எண்ணெயும் கொழுப்பும் உள்ள சாப்பாடு சிறுகுடலுக்குள் வந்ததும் பித்தப்பை சுருங்கி அதைக் கொட்டும். கொட்டிய பித்தம் சாப்பாட்டோடு சேர்ந்து கீழே போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சப்பட்டு, மறுபடி கல்லீரலுக்கே வந்துவிடும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறவரை ஓட்டம் கீழ்நோக்கித்தான்.

வயிறு காலியானதும் நடப்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. காலி வயிறு சும்மா கிடப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளுவதுபோல இரைப்பையிலிருந்து சிறுகுடல் வரைக்கும் ஒரு இறுக்கம் அலையாக ஓடும். நாய்களிடம் இந்தச் சுற்றை ஷுர்ஷெவ்ஸ்கி என்ற உடலியல் ஆய்வாளர் 1969ல் விவரித்தார். மனிதருக்கும் இது உண்டு. பசி நேரத்தில் வயிறு கடமுடா என்று உருளுவது பெரும்பாலும் இந்த அலையால்தான். அந்தச் சுற்றோடு பித்தப்பையும் கொஞ்சம் சுருங்கிக் கொஞ்சம் பித்தத்தை விடும். பெரிய அலை வருவதற்குச் சற்று முன்னால் சிறுகுடலின் தொடக்கப் பகுதி பின்னோக்கியும் தள்ளும். அப்போது பித்தம் கலந்த நீர் இரைப்பைக்குள் வந்துவிடும். எண்டோஸ்கோப்பியில் பார்க்கிற குட்டை இதுதான்.

மைனியின் ராத்திரியை இதில் பொருத்திப் பார்த்தால் கணக்குச் சரியாக வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பாடு. அதற்கப்புறம் பீடி சுற்றச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கம்பெனிக்குப் போடவேண்டிய எண்ணிக்கை முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். இடையில் இரண்டு கட்டங்காப்பி மட்டும்தான். "பத்து மணிக்கு மேல என்னத்தத் திங்க" என்று அப்படியே படுத்துவிடுவார். வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் விரதம் வேறு. மத்தியானச் சோறு இரைப்பையை விட்டு இறங்கச் சுமார் நாலு மணி நேரம் என்று வைத்தால், சாயங்காலம் ஆறு மணிக்கே வயிறு காலி. மறுநாள் காலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம், அதற்குள் ஆறேழு சுற்று ஓடிவிடும். காலி இரைப்பையில் மொத்தமே ஒரு சின்ன டம்ளரில் அடியில் நிற்கிற அளவு நீர்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தில் பித்தம் கலந்தால், தண்ணீர் சேர்க்காத கஷாயம் மாதிரி நிறமும் கசப்பும் தூக்கலாகத் தெரியும்.

இரைப்பைக்கு வருவது ஒரு விஷயம், தொண்டைக்கு ஏறுவது இன்னொரு விஷயம். உணவுக்குழாயின் அடியில் இருக்கிற தசைவளையம் தளர்ந்தால்தான் மேலே ஏறும். சமதரையில் படுத்திருக்கையில் இரைப்பையும் தொண்டையும் ஒரே மட்டம். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைந்துவிடுவதால், ஏறியது திரும்ப இறங்காமல் அங்கேயே நிற்கும். காலையில் எழுந்து குனிந்து பாயைச் சுருட்டினாலே வயிறு அமுங்கும், அது வாய்க்கு வந்துவிடும். நாள் முழுக்க மடியில் சுளகு வைத்துக் குனிந்தே இருக்கிற வேலையும் அந்த வளையத்துக்கு உதவாது.

ஆக, ஒன்று இரைப்பைக்கு வரும் பித்தத்தைக் குறைக்கவேண்டும், அல்லது மேலே ஏறுகிற வழியை அடைக்கவேண்டும். நம் ஊரில் ஆள் ஆளுக்குச் சொல்கிற வைத்தியங்களை இந்த இரண்டில் எதைச் செய்கின்றன என்று பார்த்தாலே பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

விரல் விட்டுப் பித்தம் எடுப்பது இரண்டையும் செய்வதில்லை, தலைகீழாகத்தான் செய்கிறது. வாந்தி வருவதற்கு முன்னால் சிறுகுடலின் நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரே ஒரு பெரிய இறுக்கம் ஓடி, குடலில் கிடப்பதையெல்லாம் இரைப்பைக்கு ஏற்றும். பலமாக ஓங்கரித்தால் இதைத்தான் கூப்பிடுகிறோம். அதாவது வெளியே வந்த மஞ்சள் முழுவதும் ராத்திரி இரைப்பையில் தேங்கிக் கிடந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு பங்கு விரல் போட்டதால் மேலே வந்தது. தினமும் வரத்தான் செய்யும், ஏனென்றால் தினமும் நாம்தான் வரவழைக்கிறோம். மைனிக்கு இதைச் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அம்மை எம்பது வயசு வரைக்கும் எடுத்தாவ" என்றார். வாதாடவில்லை. ஒரு வாரம் மட்டும் நாக்கு வழிப்பதை முன்பாதியோடு நிறுத்தச் சொன்னேன். விரல் போட்டு வந்த நாளும் தானாக வந்த நாளும் கலந்துகிடந்தால் எந்த வழி பலித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அந்த வாரம் தினசரிக் காலண்டர் தாளில் தானாகக் கசப்பு ஏறிய நாளுக்கெல்லாம் பேனாவால் சுழித்து வைத்தார். ஏழு நாளில் ஐந்து சுழி. அந்த ஐந்தும் ராத்திரி சாப்பிடாத நாட்கள்.

அடுத்தது மாத்திரை. எனக்குப் போன் போடுவதற்கு முன்பே மெடிக்கலில் கேட்டு, பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூலை வாங்கிப் போட்டிருந்தார். படுக்கும்போது, வெறும் வயிற்றில், இரண்டு வாரம். "புளிப்பு கொறஞ்சுது, கசப்பு போகல" என்றார். போகாததற்குக் காரணம் இருக்கிறது. பான்டோப்ரசோல் அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கிற மருந்து. பித்தத்தை அது தொடுவதில்லை. பம்புகள் சாப்பாட்டைக் கண்டுதான் வேலைக்கு இறங்கும், வேலையில் இருக்கிற பம்பைத்தான் மருந்து பிடிக்கும். ரத்தத்தில் அது நிற்பதோ சில மணி நேரம். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடச் சொல்கிறார்கள். சாப்பிடவே போவதில்லை என்றால் மாத்திரையில் பாதி வீண்.

அதற்காக அது உதவாத மருந்து என்று சொல்லமாட்டேன். நெஞ்சு எரிகிறது, நடுராத்திரி புளித்த தண்ணீரோடு இருமி எழுகிறார், தொண்டை கரகரக்கிறது என்றால் அமிலமும் சேர்ந்து ஏறுகிறது. பித்தமும் அமிலமும் சேர்ந்தால் உணவுக்குழாயைத் தனித்தனியாகப் புண்ணாக்குவதைவிட அதிகம் புண்ணாக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் சொல்லி, காலைச் சாப்பாட்டுக்கோ ராச்சாப்பாட்டுக்கோ முன்னால் சில வாரம் எடுப்பது சரியான வழி. இதில் என் ஆட்சேபம் டோம்பெரிடோன் மேல்தான். குமட்டலுக்குச் சில நாள் எடுக்கவேண்டிய மருந்து அது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். இதய நோய் உள்ளவர்களும் வேறு பல மாத்திரை போடுகிறவர்களும் அதை மாசக்கணக்கில் கடையில் கேட்டு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். கேப்ஸ்யூலில் சேர்ந்திருப்பதால் அதை விழுங்குவதே பலருக்குத் தெரியாது.

பிங்க் நிற ஜெல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலி வயிற்றில் குடித்தால் அரைமணி, ஒரு மணி நேரத்தில் இறங்கிப் போய்விடும். விடிகாலைக் கசப்புக்கு ராத்திரி பத்து மணி ஜெல் என்ன செய்யும்?

இனி ராச்சாப்பாடு. இதில்தான் ஆட்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சாப்பிடாமல் படுத்தால் கசப்பு ஏறுகிறது என்று தெரிந்ததும், பதினொரு மணிக்கு நாலு தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். கசப்பு நின்று புளிப்பு தொடங்கும். நிறைந்த இரைப்பையோடு படுத்தால் வளையம் தளர்கிறபோதெல்லாம் அமிலமும் சோறும் சேர்ந்தே ஏறும். நமக்கு வேண்டியது கொஞ்சமான, முந்தின சாப்பாடு. படுப்பதற்கு மூன்று மணி நேரமாவது முன்னால். மைனிக்கு ஏழே முக்கால் என்று வைத்தோம். இரண்டு இட்லி, அல்லது ஒரு கிண்ணம் கஞ்சியும் துவையலும். எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் பன்னிரண்டு வரைக்கும் இரைப்பையில் வேலை நடக்கும். கூட்டிப் பெருக்குகிற சுற்று அதற்கப்புறம்தான் ஆரம்பம். பன்னிரண்டு மணி நேரக் காலி வயிறு ஆறு மணி நேரமாகிறது. சேர்ந்துகிடந்த பித்தமும் இட்லியோடு கீழே இறங்கிவிடுகிறது. எண்ணெய்ப் பலகாரமும் வடையும் வேண்டாம் என்றதற்குக் காரணம், கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். படுக்கும்போதும் பாதி உள்ளேயே இருக்கும்.

சொல்வது சுலபம். கம்பெனிக் கணக்கு முடியாமல் ஏழே முக்காலுக்குக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தால் வேலை வேகம் போய்விடும் என்றார். பீடித்தூள் கையோடு சாப்பிடவும் முடியாது, திரும்ப உட்கார்ந்தால் இலை காய்ந்துபோகும். கடைசியில் அவர் மகள் ஒரு வழி சொன்னாள்: இலையை நனைத்த துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஏழரை மணிக்குச் சீரியல் முடிகிற இடைவெளியில் எழுந்திருப்பது. அது நடந்தது. இரண்டாவது வாரம் இரண்டு சுழி, மூன்றாவது வாரமும் இரண்டு. சுழி விழுந்த அந்த நாட்கள் வெள்ளிக்கிழமைக்கு மறுநாளும், வேலை தாமதமாகிச் சாப்பாடு தவறிய ஒரு ராத்திரிக்கு மறுநாளும்.

விரதத்தை விடச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. சஷ்டிக்குத் திருச்செந்தூருக்கு நடக்கிறவரிடம் இட்லியைப் பற்றிப் பேச முடியுமா? ஆனால் அவருடைய விரதத்தில் பாலும் பழமும் உண்டு. அதை ராத்திரி படுக்கும் நேரத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் என்று மாற்றிக்கொண்டார். தண்ணீர்கூடத் தொடாத முழு விரதம் என்றால் இந்த வழி இல்லை, அடுத்த வழிதான். சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் ராச்சாப்பாட்டை விடுவதே தனி ஆபத்து, சர்க்கரை இறங்கிவிடும். பல வருஷச் சுகரில் இரைப்பை மெதுவாகி, முந்தின நாள் சோறே காலையில் வந்தால் அது வேறு கதை, டாக்டரிடம் போகவேண்டிய கதை.

அடுத்த வழி படுக்கை. இதற்குக் காசு ஆகாது, மருந்தும் இல்லை. ஆனாலும் சொன்னால் சிரிப்பார்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் இரண்டிரண்டு செங்கலைப் படுக்கை வாட்டில் வைத்தால் ஆறு அங்குலம் உயரும். உடம்பே சரிவாகக் கிடக்கும், ஏறியது தானாக இறங்கும். இதற்குப் பதிலாகத் தலையணையை இரண்டு மூன்றாக அடுக்குகிறார்கள். கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அமுங்குவதால் பலன் எதிராகப் போவதுண்டு. மைனி வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி. அவர் கட்டிலில் படுப்பவரே இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய பத்தமடைப் பாய் கிழிந்தபிறகும் அதே கணக்கில் கோரைப்பாயைத் தரையில் விரித்துப் படுப்பவர். தரைக்குச் செங்கல் வைக்க முடியாது. பழைய பஞ்சு மெத்தையை மூன்றாக மடித்து, இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக வரும்படி பாய்க்கு அடியில் வைத்தோம். முதல் ராத்திரி வழுக்கிக் கீழே வந்துவிட்டார். பாதம் முட்ட ஒரு தலையணை போட்டபிறகு நின்றது.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் இதோடு சேரும். இரைப்பை இடப்பக்கம் சாய்ந்திருப்பதால், இடது பக்கம் படுத்தால் உள்ளே இருக்கும் நீர் உணவுக்குழாய் வாயைவிடக் கீழே தங்கும். வலது பக்கம் படுத்தால் வாய்க்கு நேரே வந்து நிற்கும். ஏறிய அமிலம் இடது பக்கத்தில் சீக்கிரம் இறங்குகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். தூக்கத்தில் புரண்டு போவதை யாரும் தடுக்க முடியாது, தூங்கப்போகும்போது இடப்பக்கமாகத் தொடங்கினால் போதும்.

இரண்டில் எது முதலில் என்று கேட்டால், ராத்திரி சாப்பிடாமல் படுத்து, காலையில் மட்டும் மஞ்சளாகக் கசந்து, பகலெல்லாம் எந்தத் தொல்லையும் இல்லாதவருக்குச் சாப்பாட்டு நேரம்தான் முதலில். அது பித்தம் வருவதையே குறைக்கிறது, படுக்கையோ ஏறுகிற வழியை மட்டும்தான் அடைக்கிறது. சாப்பாட்டைச் சரிசெய்தும் இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றாலோ, முழு விரதக்காரர் என்றாலோ படுக்கையைச் சேர்க்கலாம். எரிச்சலும் புளிப்பும் கூட இருந்தால் மாத்திரைக்கு டாக்டரிடம் போகவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நின்றபிறகு எதை விடலாம் என்று தெரியாமல் மாத்திரையை வருஷக்கணக்காகத் தொடர்வார்கள்.

பித்தப்பையை எடுத்தவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. சேமித்து வைக்கப் பை இல்லாததால் பித்தம் ராத்திரியெல்லாம் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். இரைப்பையைக் குடலோடு இணைக்கிற அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பித்தம் திரும்புவதைத் தடுக்கிற வாசலே பலமிழந்திருக்கும். இவர்களுக்குப் பித்தத்தின் தன்மையை மாற்றுகிற, அல்லது அதைப் பிடித்துவைக்கிற மருந்துகளை டாக்டர்கள் தருவதுண்டு. அது கடையில் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை.

மைனியின் பயமெல்லாம் எண்டோஸ்கோப்பி பற்றித்தான். "கொழாய விட்டுப் பாத்திரலாமா?" என்று மூன்று தடவை கேட்டார். வேண்டாம் என்றேன், ஏனென்றால் குழாய் விட்டால் மஞ்சள் குட்டை தெரியும், "பித்தம் ஏறியிருக்கு" என்று எழுதுவார்கள், காலி வயிற்றில் அது இருக்கத்தான் செய்யும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் வேறு சில அடையாளம் இருந்திருந்தால் நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போயிருப்பேன். உடம்பு இளைப்பது, சோறு நெஞ்சில் அடைப்பது, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரி கறுப்போ வருவது, மலம் தார் மாதிரி போவது, சோகை, அறுபதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்குவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் குழாய் விட்டுப் பார்ப்பதுதான் முதல் வழி. கண் மஞ்சளாகி மூத்திரம் அடர்ந்து போனால் கல்லீரலையும் பித்தக் குழாயையும் பார்க்கவேண்டும். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வலியோடு பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கைக்குழந்தை பச்சையாகக் கக்கினால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

மைனிக்கு இதில் எதுவும் இல்லை. ஏழே முக்கால் இட்லியும் மடித்த மெத்தையுமாக நாலாவது வாரம் ஒரு சுழி, ஐந்தாவது வாரம் சுழியே இல்லை. கேப்ஸ்யூலை இரண்டாவது வாரமே நிறுத்தியிருந்தார். ஒரு ஆளை வைத்து நான் எதையும் நிரூபிக்கவில்லை. அவருடைய ராத்திரி மாதிரி ராத்திரி உள்ளவர்களுக்கு இந்த வரிசை ஒத்துவரலாம், அவ்வளவுதான். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்தபோது இரண்டு காலை மஞ்சளாக வந்தது. போன் போட்டு, "வந்துட்டு. ஆனா வெரல் போடல, தண்ணியக் கொப்புளிச்சுட்டு உக்காந்துட்டேன்" என்றார். காலண்டரில் சுழித்தீர்களா என்று கேட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் பீடிக்கட்டுக்கு மேல் வைத்துவிட்டாராம்.